பில்லு கையில இருக்கு, இன்புட் எங்கே?

"ரிட்டர்ன் போட்டாச்சு அம்மிணி."

பொருள் வித்தவர் இப்படிச் சொன்னதும் நிம்மதியா போனை வெச்சுடாதீங்க.

அவர் பொய் சொல்றார்னு நான் சொல்லலை. நிஜமாவே போட்டிருப்பார். வரியைக் கூட முழுசா கட்டியிருப்பார். ஆனா உங்க பில்லு உங்க கணக்குல வந்து விழுந்திருக்காது. "ரிட்டர்ன் போட்டீங்களா"ங்கறது ஒரு கேள்வி. "என் பில்லை என் ஜிஎஸ்டி நம்பர்ல காட்டுனீங்களா"ங்கறது வேற கேள்வி. நமக்குப் பணம் வர்றது ரெண்டாவது கேள்வியிலதான்.

இந்த ஒரு வித்தியாசத்துக்காக எங்க பட்டறையில 43,200 ரூபாய் ரெண்டு மாசம் மாட்டிக்கிட்டு நின்னுச்சு. போன வாரம்தான் தீர்ந்துச்சு. தீர்ந்த சந்தோஷத்துல, நடந்ததை முழுசா எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன். (கோயம்புத்தூர்ல சின்ன லேத் பட்டறைங்க எங்களுது. வீட்டுக்காரர் மெஷின் பக்கம், நான் கணக்குப் பக்கம். ஆடிட்டர் இருக்கார். ஆனா சப்ளையருக்கு போன் பண்றது ஆடிட்டர் வேலை இல்லையே, அது நம்ம வேலைதான்.)

மொதல்ல, ஏன் இப்படி அடுத்தவர் கையை எதிர்பார்த்து நிக்கறோம்னு சொல்லிடறேன்.

நாம சரக்கு வாங்கும்போது கட்டின ஜிஎஸ்டியை, நாம விக்கும்போது கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில கழிச்சுக்கலாம். அதுதான் இன்புட். 2017-ல ஜிஎஸ்டி வந்த புதுசுல, பில்லு கையில இருந்தாலே எடுத்துக்கிட்டோம். அப்புறம் 2019 அக்டோபர்ல ஒரு கட்டுப்பாடு வந்துச்சு. சப்ளையர் காட்டினதுக்கு மேல 20 சதவீதம் வரைக்கும்தான் கூடுதலா எடுக்கலாம்னாங்க. அது 10 ஆச்சு, அப்புறம் 5 ஆச்சு. 2022 ஜனவரி 1-லேர்ந்து அந்தச் சலுகையே கிடையாது. 16-ம் பிரிவுல புதுசா ஒரு நிபந்தனை சேர்த்துட்டாங்க. சப்ளையர் தன்னோட ஜிஎஸ்டிஆர்-1-ல அந்த பில்லைக் காட்டணும், அது நம்ம ஜிஎஸ்டிஆர்-2பி-யில வரணும். வந்தா இன்புட். வரலைன்னா இல்லை.

பில்லு இருக்கலாம். சரக்கு வந்திருக்கலாம். பணம் பேங்க்ல போயிருக்கலாம். அந்த இரும்பைக் கடைஞ்சு வேலையை முடிச்சு வித்தே இருக்கலாம். 2பி-யில இல்லைன்னா அந்த மாசம் எடுக்க முடியாது.

சரி, கதைக்கு வர்றேன்.

மே 27-ம் தேதி ஒரு லோடு எம்.எஸ். ரவுண்டு ராடு வாங்கினோம். சரக்கு விலை 2,40,000. வரி 18 சதவீதம். சிஜிஎஸ்டி 21,600, எஸ்ஜிஎஸ்டி 21,600, ஆக மொத்தம் 43,200. வித்தவர் எங்களுக்குப் பல வருஷப் பழக்கம். நல்ல மனுஷன், எடையில ஒரு கிலோ குறையாது. பில்லுல எங்க பேரு, விலாசம், ஜிஎஸ்டி நம்பர் எல்லாம் அச்சாகி இருந்துச்சு. நம்பர் 15 எழுத்தையும் ஒண்ணொண்ணா வெச்சுப் பார்த்தேன், சரியா இருந்துச்சு. (இதை மனசுல வெச்சுக்கோங்க. பின்னாடி இந்த இடத்துக்குத்தான் வருவோம்.)

மே மாசம் நாங்க வித்ததுக்குக் கட்ட வேண்டிய வரி 1,10,000. மத்த பில்லுங்க மூலமா வந்த இன்புட் 52,000. ராடு பில்லோட 43,200-ம் சேர்ந்தா கையிலிருந்து 14,800 கட்டினா போதும். சேரலைன்னா 58,000 கட்டணும். அதுவும் ஜூன் 20-க்குள்ள. ஜூன் மாசம்னா தெரியுமில்ல? பள்ளிக்கூடம் தொறக்கற மாசம். பட்டறையில ஆளுங்க ஃபீஸ் கட்ட அட்வான்ஸ் கேட்டு நிப்பாங்க.

ஜூன் 14-ம் தேதி 2பி வந்துச்சு. ராடு பில்லு இல்லை.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். இந்த நேரத்துல கோபத்துல உடனே போன் எடுக்கறவங்க நிறைய பேரு. நான் போன் பண்றதுக்கு முன்னாடி போர்ட்டல்ல ஒரு பார்வை பார்த்துடுவேன். gst.gov.in-ல லாகின் கூட வேண்டாம். Search Taxpayer-ல போய் அவங்க ஜிஎஸ்டி நம்பரைப் போட்டு, கீழ Show Filing Table-ஐ அழுத்தினா, எந்த மாசத்துக்கு ஜிஎஸ்டிஆர்-1 போட்டாங்க, எந்த மாசத்துக்கு 3பி போட்டாங்க, என்னைக்குப் போட்டாங்கன்னு வரிசையா வந்துடும். யாரு வேணா யாரோடதை வேணா பார்க்கலாம்.

அதுல பார்த்ததுல எங்க ராடுக்காரருக்கு 3பி மூணு மாசத்துக்கு ஒருக்காதான் இருந்துச்சு. அப்படின்னா அவர் காலாண்டுக்காரர். வருஷத்துக்கு 5 கோடி வரைக்கும் விக்கறவங்க மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரிட்டர்ன் போட்டுக்கலாம்னு ஒரு வசதி இருக்கு. ஏப்ரல், மே, ஜூன் மூணுக்கும் சேர்த்து ஜூலை 13-க்குள்ள ஜிஎஸ்டிஆர்-1 போட்டா போதும்.

அப்போ அவர் தப்பே பண்ணலை. சட்டம் குடுத்த நேரத்துலதான் இருக்கார். நாங்க மாசாமாசம் போடறவங்க. அவர் கடிகாரமும் எங்க கடிகாரமும் வேற வேற ஓடுது.

இதுக்குன்னே ஐஎஃப்எஃப்னு ஒரு வசதி இருக்கு. காலாண்டுக்காரர் முதல் மாசத்து பில்லையும் ரெண்டாவது மாசத்து பில்லையும், அடுத்த மாசம் 13-ம் தேதிக்குள்ள, வேணுங்கற பில்லை மட்டும் முன்கூட்டியே ஏத்தி விடலாம். மாசத்துக்கு 50 லட்சம் மதிப்பு வரைக்கும். அதுக்குன்னு அப்பவே அந்த பில்லுக்குத் தனியா வரி கட்டணும்னு இல்லை. அவருக்கு அஞ்சு நிமிஷ வேலை, நமக்கு அந்த மாசமே இன்புட். ஆனா அது கட்டாயம் இல்லை. கேட்டாத்தான் செய்வாங்க. ஜூன் 14-ல கேட்டா 13 முடிஞ்சு போச்சு. அதனால காலாண்டுக்காரர்கிட்ட வாங்கற அன்னைக்கே, "அண்ணா, இந்த பில்லை ஐஎஃப்எஃப்ல ஏத்திடுங்க"ன்னு சொல்லி வெச்சுடணும். பில்லு ஏப்ரல்லா இருந்தா இது இன்னும் முக்கியம், சும்மா விட்டா ரெண்டு மாசம் தள்ளிப் போயிடும்.

ஜூன் 20-ம் தேதி 58,000 கட்டினோம்.

(பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருத்தர் சொன்னார்: "பில்லுதான் இருக்கே, இப்ப எடுத்துக்கோங்க, அடுத்த மாசம் வந்துடப் போகுது." இந்தப் பேச்சைக் கேக்காதீங்க. 2பி-யில இல்லாததை 3பி-யில எடுத்தா, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை கம்ப்யூட்டரே கண்டுபிடிக்குது. வித்தியாசம் பெருசா இருந்தா டிஆர்சி-01சி-ன்னு ஒரு நோட்டீஸ் வரும், ஏழு நாளுக்குள்ள கட்டணும் இல்லை காரணம் சொல்லணும். பதில் சொல்லாம விட்டா அடுத்த ஜிஎஸ்டிஆர்-1 போடவே விடாது. நம்ம ஜிஎஸ்டிஆர்-1 நின்னா, நம்மகிட்ட வாங்கினவங்களுக்கு இன்புட் நிக்கும். தப்பா எடுத்துச் செலவழிச்சதுக்கு 18 சதவீத வட்டி வேற.)

ஜூலை 14 வந்துச்சு. Show Filing Table-ல பார்த்தா ராடுக்காரர் ஜூன் காலாண்டு ஜிஎஸ்டிஆர்-1 போட்டிருக்கார், 3பி-யும் அதே நாள் போட்டிருக்கார். சந்தோஷமா எங்க 2பி-யைத் தொறந்தேன்.

ராடு பில்லு இல்லை.

இப்பத்தான் அந்தப் பதில். "ரிட்டர்ன் போட்டாச்சு அம்மிணி. வரியும் கட்டியாச்சு. வேணும்னா ரசீது அனுப்பறேன்." சொன்ன மாதிரியே வாட்ஸ்அப்ல படம் வந்துச்சு. ஃபைல் பண்ணினதுக்கான ஏஆர்என் நம்பர், தேதி எல்லாம் தெளிவா இருந்துச்சு.

அந்தப் படத்தால நமக்குத் துளி பிரயோஜனம் இல்லைங்க. கல்யாண மண்டபத்து வாசல்ல நிக்கற போர்டு மாதிரி அது. கல்யாணம் நடந்துச்சுன்னு தெரியும், மொய் நோட்டுல நம்ம பேரு ஏறிச்சான்னு தெரியாது.

ரிட்டர்ன் போட்டும் பில்லு வரலைன்னா பெரும்பாலும் மூணு காரணத்துல ஒண்ணா இருக்கும். ஒண்ணு, அந்த பில்லே விட்டுப் போயிருக்கும். ரெண்டு, வேற ஒருத்தர் ஜிஎஸ்டி நம்பர்ல ஏறியிருக்கும். மூணு, நம்பரே இல்லாத சாதாரண வாடிக்கையாளருக்கு வித்ததா, அதாவது பி2சி-யா, போயிருக்கும். மூணுக்கும் தீர்வு வேற வேற. அதனால எதுன்னு தெரியாம "சரி பண்ணுங்க"ன்னு மட்டும் சொன்னா, அவரும் பாவம், எதைச் சரி பண்ணுவார்?

நான் அவர்கிட்ட கேட்டது இதுதான்: "அண்ணா, ஏஆர்என் வேண்டாம். ஜிஎஸ்டிஆர்-1-ல 4ஏ-ன்னு ஒரு டேபிள் இருக்கும், பி2பி பில்லு எல்லாம் அதுல இருக்கும். அதுல எங்க பேரு இருக்கற வரியை மட்டும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க."

சாயங்காலம் அவங்க கடையில கணக்குப் பாக்கற தம்பி போன் பண்ணினார். "அக்கா, 4ஏ-யில உங்க பேரே இல்லைங்க்கா. ஆனா மொத்தத் தொகை சரியாத்தான் வருது. உங்க 2,40,000-ம் சேர்ந்துதான் வருது."

மொத்தம் சரியா வருது, பேரு மட்டும் இல்லைன்னா அது பெரும்பாலும் பி2சி தான்.  அதே மாநிலத்துக்குள்ள பி2சி-யா போற வியாபாரம் எல்லாம் 7-ம் டேபிள்ல பில்லு பில்லா போகாது. 18 சதவீதத்துக்கு இவ்வளவுன்னு ஒரே மொத்தமா போயிடும். போர்ட்டல்ல உட்கார்ந்து நாள் முழுக்கத் தேடினாலும் நம்ம பில்லு நம்பர் கண்ணுல படாது. எங்க 43,200 அரசாங்கத்துக்குப் போய்ச் சேர்ந்துடுச்சு. யாரோ பேரு தெரியாதவங்க வாங்கின கணக்குல.

ஏன் அப்படிப் போச்சுன்னு அந்தத் தம்பியோட போன்லயே உட்கார்ந்து பார்த்தோம். டேலியில எங்க லெட்ஜரைத் தொறக்கச் சொன்னேன். அப்பத்தான் விஷயம் வெளிய வந்துச்சு. எங்க ஜிஎஸ்டி நம்பரை விலாசத்துக்குக் கீழ, மூணாவது வரியா டைப் பண்ணி வெச்சிருக்காங்க. ஜிஎஸ்டி நம்பருக்குன்னு தனியா இருக்கற கட்டம் காலி. பக்கத்துல பதிவு வகை Unregistered.

பில்லு அச்சாகும்போது விலாசத்தோட சேர்ந்து நம்பரும் அழகா அச்சாகுது. பார்க்கற யாருக்கும் சந்தேகமே வராது. நான் 15 எழுத்தையும் சரிபார்த்த அதே நம்பர்தான். ஆனா ரிட்டர்னுக்கு டேட்டா எடுக்கும்போது சாஃப்ட்வேர் விலாசத்தைப் படிக்காது, அந்தக் கட்டத்தைத்தான் படிக்கும். கட்டம் காலியா இருந்தா இவங்க பதிவு இல்லாதவங்க, தூக்கிப் பி2சி-யில போடுன்னு போட்டுடும்.

(5 கோடிக்கு மேல வியாபாரம் இருக்கறவங்க ஈ-இன்வாய்ஸ் போட்டாகணும். அங்க இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. நம்ம நம்பரோடதான் அந்த பில்லு பதிவாகும், ஜிஎஸ்டிஆர்-1-க்குத் தானா போயிடும். சின்னக் கடைகள்லதான் இப்படி நடக்கும். நாம வாங்கறதும் அங்கதான்.)

தம்பி டேலியில கட்டத்தை நிரப்பிட்டார். சரி, இனி வர்ற பில்லு ஒழுங்கா வரும். போன பில்லுக்கு என்ன?

இங்கதான் ராடுக்காரர் கொஞ்சம் பின்வாங்கினார். "மறுபடி 4ஏ-யில போட்டா நான் ரெண்டு தடவை வரி கட்டணுமே அம்மிணி?" நியாயமான பயம்தானுங்க அது. சப்ளையருங்க பல பேரு "அடுத்த மாசம் பாக்கலாம்"னு இழுக்கறதுக்கு உண்மையான காரணமே இந்தப் பயம்தான். வாயால சொல்ல மாட்டாங்க. அதை எடுத்து விட்டாத்தான் வேலை நடக்கும்.

ரெண்டு தடவை கட்ட வேண்டியதில்லை. ஒரு பக்கம் ஏத்தணும், இன்னொரு பக்கம் எறக்கணும், அவ்வளவுதான். எங்க பில்லை, பழைய நம்பர், பழைய மே 27 தேதியோட, ஜூலை மாசத்து ஐஎஃப்எஃப்ல 4ஏ டேபிள்ல புது பில்லா ஏத்தணும். கடைசி நாள் ஆகஸ்ட் 13. அப்புறம் செப்டம்பர் காலாண்டு ஜிஎஸ்டிஆர்-1 போடும்போது, 10-ம் டேபிள்ல ஜூன் காலாண்டோட பி2சி தொகையைத் திருத்தி 2,40,000-ஐக் குறைக்கணும். ஐஎஃப்எஃப்ல பி2சி-யைத் தொட முடியாது, அதனாலதான் காலாண்டு முடியற வரைக்கும் காத்திருக்கணும். ஆனா ஐஎஃப்எஃப் போடறப்ப அந்த பில்லுக்கு வரி கட்டறதும் இல்லையே. ஏத்தினதும் எறக்கினதும் ஒரே காலாண்டுக் கணக்குல வந்து சமமாயிடும். அவர் கையிலிருந்து ஒரு ரூபாய் போகாது.

10-ம் டேபிள்ல ஒரு கவனம் வேணும். குறைக்க வேண்டிய தொகையைப் போடக் கூடாது, குறைச்ச பிறகு வர்ற புது மொத்தத்தைப் போடணும். அந்தக் காலாண்டுல 18 சதவீதத்துல அவர் பி2சி-ன்னு காட்டினது 6,90,000-ன்னு வெச்சுக்கோங்க. இப்ப 4,50,000-ன்னு போடணும். அங்க 2,40,000-ன்னு போட்டா, பி2சி விற்பனையே மொத்தம் 2,40,000-தான்னு ஆயிடும். அப்புறம் அவருக்கு நோட்டீஸ் வரும், நமக்குப் பழக்கம் போகும்.

(இதுவே அவர் 3பி போடறதுக்கு முன்னாடி நான் பார்த்திருந்தா, ஜிஎஸ்டிஆர்-1ஏ-ன்னு ஒரு வழி இருக்கு, 2024 ஆகஸ்ட்லேர்ந்து. ஜிஎஸ்டிஆர்-1 போட்ட பிறகு, 3பி போடறதுக்கு முன்னாடி, விட்டுப்போன பில்லை அதுல சேர்க்கலாம். ஆனா அதுல சேர்த்தாலும் நம்ம 2பி-க்கு அடுத்த மாசம்தான் வரும். அதே மாதிரி, பில்லு வேற ஒருத்தர் ஜிஎஸ்டி நம்பர்ல ஏறியிருந்தா 1ஏ-யில மாத்த முடியாது. அடுத்த ஜிஎஸ்டிஆர்-1-ல 9ஏ டேபிள்லதான் திருத்தணும்.)

போன்ல பேசினது எல்லாம் காத்தோட போயிடும். அதனால பேசி முடிச்ச கையோட ஒரு மெசேஜ் அனுப்பினேன். இதை அப்படியே தர்றேன், வேணுங்கறவங்க நம்பரை மட்டும் மாத்திக்கோங்க:

"அண்ணா வணக்கம். உங்க பில் 214, தேதி மே 27. சரக்கு விலை 2,40,000. சிஜிஎஸ்டி 21,600, எஸ்ஜிஎஸ்டி 21,600. இது ஜூன் காலாண்டு ஜிஎஸ்டிஆர்-1-ல பி2சி-யில போயிருக்கு. எங்க ஜிஎஸ்டி நம்பர் கீழே இருக்கு. இதே பில் நம்பர், இதே தேதியில ஜூலை ஐஎஃப்எஃப்ல 4ஏ-யில ஏத்திடுங்க, கடைசி நாள் ஆகஸ்ட் 13. செப்டம்பர் காலாண்டுல 10-ம் டேபிள்ல பி2சி-யைக் குறைச்சுக்கலாம், உங்களுக்குக் கூடுதல் வரி வராது. உங்க ஆடிட்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. ஏத்தினதும் எங்க பேரு இருக்கற வரியைப் படம் எடுத்து அனுப்புங்க. பில் காப்பி இணைச்சிருக்கேன்."

இதுல ஒவ்வொண்ணும் எதுக்குன்னா, இந்த மெசேஜ் கடைசியில போய்ச் சேர்ற இடம் ராடுக்காரர் இல்லை. அவர் இதைக் கணக்குப் பாக்கற தம்பிக்கு அனுப்புவார், தம்பி அவங்க ஆடிட்டர் ஆபீசுக்கு அனுப்புவார், அங்க ரிட்டர்ன் போடற பொண்ணு இதைப் பார்க்கும். அந்தப் பொண்ணுக்கு நான் யாருன்னே தெரியாது. யாருக்கும் போன் பண்ணாம, இதை மட்டும் வெச்சு வேலையை முடிக்கற மாதிரி இருக்கணும். எந்த பில்லு, எந்த டேபிள், எந்த மாசம், என்ன கடைசி நாள்.

ஆகஸ்ட் 13 வரைக்கும் விரலைக் கடிச்சுட்டு உட்கார வேண்டியதில்லை. போர்ட்டல்ல இப்ப ஐஎம்எஸ்னு ஒரு பகுதி இருக்கு, 2024 அக்டோபர்ல வந்தது. சப்ளையர் பில்லை ஏத்தி சேவ் பண்ணினதுமே அதுல நமக்குத் தெரிஞ்சுடும். 11-ம் தேதி பார்த்தேன், பில் 214 வந்து நின்னுச்சு. ஆனா சேவ் பண்ணினா மட்டும் போதாது, ஃபைல் பண்ணினாத்தான் 2பி-க்கு வரும். அதனால 12-ம் தேதி இன்னொரு போன். "அண்ணா, ஏத்தினது தெரியுது, நன்றிங்க. ஃபைல் பட்டனையும் அழுத்திடச் சொல்லுங்க." அன்னைக்கே அழுத்திட்டாங்க.

ஆகஸ்ட் 14, 2பி-யில 21,600-ம் 21,600-ம். ஆகஸ்ட் 20-க்குள்ள போட்ட ஜூலை 3பி-யில எடுத்துக்கிட்டோம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், அந்தத் தம்பி எங்க லெட்ஜரோட நிறுத்தலை. எல்லா பார்ட்டி லெட்ஜரையும் தொறந்து பார்த்திருக்கார். இன்னும் சில பேருக்கும் நம்பரு விலாசத்துலதான் இருந்திருக்கு. அவங்களுக்கெல்லாம் அவரே போன் பண்ணிச் சொல்லி, அதே ஐஎஃப்எஃப்ல ஏத்தி விட்டிருக்கார். அவங்கள்ல எத்தனை பேருக்கு இன்புட் வரலைன்னு தெரியாமயே இருந்திருக்கும்!

எங்களுக்கு நடந்தது நல்ல மனுஷன்கிட்ட நடந்த விஷயம். எல்லாமே இப்படி முடியாது. Show Filing Table-ல ஜிஎஸ்டிஆர்-1 கூடப் போடாம நிக்குதுன்னா, அதுக்கு முந்தின 3பி போட்டிருக்காங்களான்னு பாருங்க. முந்தின 3பி போடலைன்னா போர்ட்டல் அவங்களை ஜிஎஸ்டிஆர்-1 போட விடாது. அப்ப அவங்களுக்கு மறதி இல்லை, பணம் இல்லை. பழைய வரியைக் கட்டாம பூட்டு தொறக்காது. அவங்ககிட்ட "பில்லைக் காட்டுங்க"ன்னு எத்தனை மெசேஜ் அனுப்பினாலும் நடக்காது. என்னைக்கு வரியைக் கட்டப் போறீங்கன்னுதான் கேக்கணும். இந்த மாதிரி ஆளுக்கு, பாக்கி இருக்கற பணத்துல வரித் தொகையை மட்டும் நிறுத்தி வெக்கறது சரின்னுதான் நான் சொல்லுவேன். அதையும் ஆர்டர் குடுக்கும்போதே எழுத்துல சொல்லிடணும், திடீர்னு பண்ணக் கூடாது. ஆனா ரொம்ப நாளும் நிறுத்தக் கூடாது. பில் தேதியிலேர்ந்து 180 நாளுக்குள்ள முழுப் பணம் குடுக்கலைன்னா, எடுத்த இன்புட்டையே வட்டியோட திருப்பணும்.

இன்னொரு வகை இருக்கு. ஜிஎஸ்டிஆர்-1 போடுவாங்க, நம்ம 2பி-யிலயும் வந்துடும். ஆனா 3பி போட்டு வரி கட்ட மாட்டாங்க. நாம நிம்மதியா இருப்போம். 2024-25 வருஷத்து பில்லுன்னா, 2025 செப்டம்பர் 30 வரைக்கும் அவங்க அந்த 3பி போடலைன்னா, நவம்பர் 30-க்குள்ள நாம இன்புட்டைத் திருப்பிக் கட்டணும். 37ஏ விதி அது. பின்னாடி அவங்க கட்டினா மறுபடி எடுத்துக்கலாம். வரியை வாங்கிட்டு அரசாங்கத்துக்குக் கட்டாத வியாபாரியை விட்டுட்டு, வாங்கினவர் கழுத்தை மட்டும் பிடிக்கக் கூடாதுன்னு 2021-ல டி.ஒய். பீத்தல் வழக்குல சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கு. நல்ல தீர்ப்பு, எனக்கு ரொம்ப மரியாதை உண்டு. ஆனா 43,200-க்காக சின்னப் பட்டறை ஹைகோர்ட் படி ஏற முடியுமா சொல்லுங்க. அதனால செப்டம்பர் மாசத்துல ஒரு நாள் உட்கார்ந்து, போன வருஷம் பெருசா வாங்கின கடைகளோட 3பி-யை மட்டும் Show Filing Table-ல பார்த்துடுங்க.

கடைசித் தேதி ஒண்ணு. ஒரு நிதியாண்டு பில்லுக்கு, அந்த ஆண்டு முடிஞ்சு வர்ற நவம்பர் 30 வரைக்கும்தான் இன்புட் எடுக்கலாம். அதுக்கு முன்னாடியே ஆண்டு ரிட்டர்ன் போட்டுட்டா அந்தத் தேதியோட சரி. 2025-26 பில்லுக்கு 2026 நவம்பர் 30. கேக்கறதுக்கு நிறைய நாள் இருக்கற மாதிரி தெரியும். ஆனா சப்ளையர் நவம்பர் 11-க்குள்ள போடற ஜிஎஸ்டிஆர்-1-ல ஏத்தினாத்தான் நவம்பர் 14 2பி-யில நமக்கு வரும். அதை விட்டா அந்தப் பணம் போனதுதான்.

விக்கற அண்ணன்மாருங்க யாராவது இதைப் படிச்சா ஒரே ஒரு உதவி கேக்கறேன். இந்த மாசம் ரிட்டர்ன் போடறதுக்கு முன்னாடி, உங்க பார்ட்டி லெட்ஜரைத் தொறந்து, ஜிஎஸ்டி நம்பர் கட்டம் காலியா இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுங்க. விலாசத்துல இருக்கறது கணக்குல வராது.